ஷார்ட்ஸில் பதிகம் மாறிப்போனால்

"அப்பர் சுவாமிகளைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது 'காதலாகிக் கசிந்து' பாடினார் என்று ஒரு ஷார்ட்ஸ் போட்டுவிட்டோம். அது சம்பந்தர் பதிகம் என்று ஒரு ஐயா கமென்டில் சொல்கிறார். திருத்தம் எழுதிக் கமென்டில் மேலே நிற்கும்படி பின் செய்தால் போதுமா, வீடியோவையே எடுத்துவிடலாமா?"

பின் செய்தால் மட்டும் போதாது. உடனே எடுக்கவும் வேண்டாம்.

அந்த ஐயா சொன்னது சரிதான். இரண்டுமே நமச்சிவாயப் பதிகம், இரண்டும் 'நமச்சிவாயவே' என்று முடிபவை என்பதால் எளிதில் மாறிவிடும். அப்பர் பாடியது நான்காம் திருமுறையில் உள்ள 'சொற்றுணை வேதியன்'. 'கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்' என்று பாட்டுக்குள்ளேயே கல்லும் கடலும் இருக்கின்றன. 'காதலாகி' மூன்றாம் திருமுறை. நல்லூர்ப்பெருமணத்தில் தம் திருமணத்தன்று சம்பந்தர் பாடியது. யார் சுட்டிக்காட்டினாலும் இப்படி மூலத்தைத் திறந்து பார்த்துவிட்டே திருத்தம் எழுதுங்கள். அவசரத்தில் எழுதி, திருத்தத்துக்கே திருத்தம் போட்ட சேனல்களைப் பார்த்திருக்கிறேன்.

ஷார்ட்ஸ் பார்ப்பவர் கமென்டைத் திறந்தால்தான் பின் செய்தது கண்ணில் படும். பெரும்பாலோர் திறக்காமலே தள்ளிவிட்டுப் போவார்கள். தலைப்போ வீடியோவின் மேலேயே தெரியும். ஆகவே முதல் வேலையாகத் தலைப்பை மாற்றுங்கள்: 'திருத்தம்: கடலில் அப்பர் பாடியது சொற்றுணை வேதியன்'. பிறகு அதே செய்தியைப் பின் செய்யுங்கள்:

"இந்த வீடியோவில் பதிகத்தை மாற்றிச் சொல்லிவிட்டோம். கடலில் அப்பர் பாடியது 'சொற்றுணை வேதியன்', 4ஆம் திருமுறை. 'காதலாகி' சம்பந்தர் அருளியது, 3ஆம் திருமுறை. சுட்டிக்காட்டிய ஐயாவுக்கு நன்றி."

இவ்வளவு போதும். 'சிறு பிழை', 'எடிட்டிங்கில் நேர்ந்தது' என்றெல்லாம் சேர்க்காதீர்கள். ஐயாவின் கமென்டையும் நீக்காதீர்கள்.

யூடியூபில் அதே லிங்கில் வேறு வீடியோவை மாற்றி வைக்க முடியாது. எனவே புது ஷார்ட்ஸ் எடுங்கள். முதல் ஐந்து நொடிக்குள் சரியான பதிகம் காதில் விழ வேண்டும், திரையிலும் எழுத்தாக வர வேண்டும். பழைய வீடியோவின் தவறான பகுதியை அதில் ஓட்டிக் காட்டாதீர்கள். பாதியில் தள்ளுபவர் மனதில் அதுவே தங்கிவிடும். ஓதுவார் ஒருவரைச் 'சொற்றுணை'யின் முதல் பாடலைப் பாடவைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பாட்டுக்கு முன்பே, 'முன்பு தவறாகச் சொன்னோம்' என்று ஒரு வரி உங்கள் குரலில் வரட்டும்.

ஷார்ட்ஸின் கமென்டிலும் விவரத்திலும் போடும் லிங்க்கை அழுத்தினால் திறக்காது. ஸ்டுடியோவில் பழைய வீடியோவைத் திறந்து, `Related video` என்ற இடத்தில் புதியதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி உங்கள் சேனலுக்கு வரவில்லை என்றால், புதியதன் தலைப்பை அப்படியே பின் செய்த கமென்டில் எழுதுங்கள், தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டு வாரம் இப்படி இருக்கட்டும். தவறாகக் கேட்டவர் திரும்பி வந்தால் திருத்தத்தைப் பார்க்க அதுதான் வழி. அதன்பின் பழையதை அழிக்காமல் பிரைவேட் ஆக்கிவிடுங்கள். உங்கள் வீடியோ முழுவதும் அந்த ஒரு தவறின் மேல்தான் நிற்கிறது, தொடர்ந்து ஓட விடக்கூடாது. நீங்களே வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியிருந்தால் அங்கேயும் புதியதை அனுப்புங்கள். டவுன்லோட் ஆகிப் போன பிரதியோடு பின் செய்த கமென்ட் போகாது.