"உடல்நோய் இல்லை" என்று கிளெய்ம் மறுக்கப்பட்டால்...

கேள்வி: என் தம்பிக்கு பைபோலார் என்ற மனநோய் முற்றி, 11 நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். 86,000 ரூபாய் செலவு. "பாலிசியில் உள்ள 'நோய்' என்ற வரையறைக்குள் இது வராது, வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற்றிருக்கலாம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. மனநல மருத்துவரின் ரிப்போர்ட் கையில் இருக்கிறது. எப்படி மேல்முறையீடு செய்வது?

பதில்: அவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்.

முதலில் வரையறை. பாலிசி புத்தகத்தின் தொடக்கத்தில் அது இருக்கும். பெரும்பாலான பாலிசிகளில் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்த ஒரே வாசகம்தான்: இயல்பான உடலியக்கம் பாதிக்கப்பட்டு, மருத்துவச் சிகிச்சை தேவைப்படும் நிலை. கம்பெனி பிடித்துக்கொள்வது 'உடலியக்கம்' என்ற சொல்லை. தூக்கமும் பசியும் உடலியக்கம் இல்லாமல் வேறென்ன? தொடர்ந்து பல இரவுகள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, எடை குறைந்தது என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அந்த வரிகளை எடுத்து வரையறைக்கு நேராக எழுதுங்கள். கூடவே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவையும் குறிப்பிடுங்கள். உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது அது. மனநோய் என்பதைக் காட்டியே கிளெய்மை மறுத்த ஒரு கம்பெனிக்கு எதிராக, 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் தீர்ப்பளித்தது.

அடுத்தது, 'வெளிநோயாளியாகவே போதும்' என்பது. பல கிளெய்ம்கள் உண்மையில் இங்கேதான் விழுகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கண்காணிப்புக்காக அனுமதி' என்று மட்டும் இருந்தால், பரிசோதனைக்காகச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் ஒரு விளக்கச் சான்று கேளுங்கள். சேர்த்த அன்று என்ன நிலை, தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருந்ததா, வீட்டில் மருந்து கொடுக்க முடியாமல் போனது ஏன், லித்தியம் மருந்து கொடுத்திருந்தால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மாற்றினார்களா என்பதெல்லாம் அதில் வரட்டும். தினசரி நர்ஸிங் குறிப்புகளின் நகலும் வாங்குங்கள். கேஸ் ஷீட்டில் இல்லாத எதையும் மருத்துவரை எழுதச் சொல்லாதீர்கள், கம்பெனி கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். அறிகுறிகள் எப்போது தொடங்கின என்ற தேதியையும் சரிபாருங்கள். பாலிசி எடுப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தால், அடுத்து 'முன்பே இருந்த நோய்' என்று வருவார்கள். அப்படிப்பட்ட நோய்க்குக் காப்பீடு கிடைக்காத காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றை இணைத்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மறுப்புக்கு எந்த நிபந்தனை எண் காரணம், கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்ததா என்றும் கேளுங்கள். அந்த ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பது 2024 முதல் விதி.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, திரும்பவும் மறுத்தாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதற்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.