மூன்று குழு, மதிப்பெண்ணும் உண்டு, பாஸ்/ஃபெயிலும் உண்டு: எந்த டெஸ்ட்?

> “மூன்று கற்பித்தல் முறை, முறைக்கு 30 பேர். மதிப்பெண், பாஸ்/ஃபெயில் இரண்டும் இருக்கிறது. டி-டெஸ்ட்டை மூன்று தடவை போடலாமா, கை-ஸ்கொயரா?”

மதிப்பெண்ணுக்கு, எல்லாக் குழுக்களின் சராசரியையும் ஒரே தடவையில் ஒப்பிடும் அனோவா போடுங்கள். மதிப்பெண் என்பது எண், குழுக்களோ மூன்று. இரண்டே குழு என்றால் டி-டெஸ்ட் போதும். அதையே மூன்று ஜோடிக்கும் போட்டால், ஒவ்வொன்றிலும் 5% தவறு வாய்ப்பு சேர்ந்து, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் எங்காவது ஒன்று ‘இருக்கிறது’ என்று காட்டும் வாய்ப்பு ஏறக்குறைய 14% வரை போய்விடும். அனோவாவில் p 0.05-க்குக் கீழே வந்தால், அப்புறம் எந்த ஜோடி வேறுபடுகிறது என்று டூக்கி சோதனையில் பாருங்கள்.

பாஸ்/ஃபெயில் வெறும் வகை, அதற்குத்தான் கை-ஸ்கொயர். அட்டவணையில் தலை எண்ணிக்கையைப் போடுங்கள், சதவீதத்தை அல்ல. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். இன்னொன்று: 90 பேரில் 12 பேர்தான் ஃபெயில் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையிலும் எதிர்பார்க்கும் ஃபெயில் 30 × 12 ÷ 90 = 4. ஐந்துக்குக் கீழே இறங்கினால் கை-ஸ்கொயரை அவ்வளவாக நம்ப முடியாது, ஃபிஷர் சோதனைக்குப் போய்விடுங்கள்.

என்னைக் கேட்டால் மதிப்பெண்ணையே முதன்மையாக வைப்பேன். பாஸ் என்று சுருக்கினால் 40-ம் 95-ம் ஒன்றாகிவிடுகிறது. ஒரே 30 பேர்தான் மூன்று முறையிலும் படித்தார்கள் என்றால் மட்டும் சொல்லுங்கள், அதற்கு இந்த சாதாரண அனோவா ஆகாது.