கொலாட்ஸ் தொடர்: 113383-ல் நிற்கும் புரோகிராமும், 10 லட்சத்துக்குள் மிக நீளமான ஓட்டமும்

கேள்வி: 10 லட்சத்துக்குக் கீழே எந்த எண்ணில் தொடங்கினால் கொலாட்ஸ் தொடர் ரொம்ப நீளமாக வரும் என்று C++-ல் தேடுகிறேன். int வைத்து எழுதியிருக்கிறேன். சின்ன எல்லைக்கெல்லாம் சரியாக வருகிறது, ஆனால் 113383 வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. எங்கே தப்பு? வேகமாக்க வழி இருக்கிறதா?

பதில்:

உங்கள் லாஜிக்கில் தப்பு இல்லை. int-ல் இடம் போதவில்லை, அவ்வளவுதான். `int`-ஐ `uint64_t` ஆக மாற்றினால் ஓடிவிடும்; விடை 837799, 524 படிகள். ஆனால் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் இதே பிழை சிலருக்கு நிற்காமலே தவறான விடையைக் கொடுத்துவிட்டுப் போகும்.

விதி தெரிந்ததுதான்: இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, 1 வரும்வரை தொடர். தொடங்கும் எண் சின்னது என்பதால் நடுவில் வரும் எண்களும் சின்னதாகவே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அது உண்மையில்லை. 27-ல் தொடங்கினாலே 9,232 வரை ஏறிவிட்டுத்தான் 111 படிகளில் 1-க்கு இறங்கும். 113383-ன் தொடர் ஒரு கட்டத்தில் 82,73,70,449-க்கு வரும். அது ஒற்றைப்படை, மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் 2,48,21,11,348. 32 பிட் int தாங்கும் உச்சம் 2,14,74,83,647. அதற்கு மேலே போகும் முதல் தொடக்க எண் இந்த 113383. அதனால்தான் அதற்கு முந்தைய எண்ணெல்லாம் ஒழுங்காக ஓடி, சரியாக இதில் வந்து மாட்டுகிறது.

குறியுள்ள int-ல் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று C++ எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நடைமுறையில் பெரும்பாலும் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறைப் பக்கம் போய்விடும்: 2,48,21,11,348-லிருந்து 2³² கழிந்து −1,81,28,55,948 ஆகிறது. அடுத்து பாதியாகி −90,64,27,974, பிறகு −45,32,13,987. இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது உங்கள் கோட்டில் இருக்கும் இரண்டு சின்ன விஷயங்களைப் பொறுத்தது.

முதலாவது, ஒற்றையா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள் என்பது. `n % 2 == 1` என்று எழுதியிருந்தால், எதிர்மறை ஒற்றை எண்ணுக்கு C++ தரும் மீதி −1. நிபந்தனை பொய்யாகிவிடும். ஆகவே ஒற்றையும் பாதியாகும், பாதியாகிப் பாதியாகிக் கடைசியில் 0-க்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். `n % 2 == 0` என்று சோதித்து மற்றதை else-ல் விட்டிருந்தால் எண் எதிர்மறைப் பக்கத்திலேயே அலையும். அந்தப் பக்கத்தில் −1, −2 என்று ஒரு சுழல் உண்டு, −5-ல் தொடங்கி −5-க்கே திரும்பும் ஒன்று உண்டு, −17-க்கும் அப்படி ஒன்று உண்டு. மாட்டினால் வெளியே வர முடியாது.

இரண்டாவது, லூப் எப்போது நிற்கிறது என்பது. `while (n != 1)` என்றால் உங்களுக்கு நடந்ததுபோல் முடிவே இல்லாமல் சுற்றும். `while (n > 1)` என்றால் எண் எதிர்மறையான அந்த நொடியிலேயே லூப் முடிந்துவிடும். புரோகிராம் நிற்காது, எச்சரிக்கை வராது, படிக்கணக்கு மட்டும் பாதியில் வெட்டப்பட்டிருக்கும். இதுதான் மோசமானது. ஜெயிக்க வேண்டிய 837799-ன் தொடரே 2,97,49,84,576 வரை ஏறுகிறது. அதாவது int-ல் அதுவும் வெட்டுப்படும், வேறு ஏதோ ஒரு எண் முதலிடம் பிடித்துவிடும். நின்றுபோன புரோகிராம் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.

`unsigned int` போட்டால் போதாதா என்று கேட்கலாம். அதன் உச்சம் 4,29,49,67,295. 837799 அதற்குள் அடங்கிவிடும். ஆனால் 159487 என்ற எண் 17,20,23,77,752 வரை போகிறது, அது அடங்காது. அப்படி அடங்காத எண்களுக்கு வரும் கணக்கு வெறும் குப்பை. விடை சரியாக வந்தாலும் அது அதிர்ஷ்டம்தான். 10 லட்சத்துக்குள் ஆக உயரமாக ஏறுவது 704511, உச்சம் 56,99,14,83,520. இதற்கு 36 பிட் வேண்டும், 64 பிட்டில் தாராளமாக இடமிருக்கிறது. விண்டோஸில் `long` என்று எழுதித் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள், அங்கே அதுவும் 32 பிட்தான். இன்னொரு இடறல்: `uint64_t m = 3 * x + 1;` என்று எழுதி x-ஐ 32 பிட்டாகவே விட்டால் பெருக்கல் 32 பிட்டிலேயே நடந்து, கெட்டுப்போன பிறகுதான் பெரிய பெட்டிக்குள் போகும். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண வகுத்தலுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் பாதியாக்க `n >> 1` போட்டால் அது 32 பிட்டுக்கு வெட்டிவிடும்.

லூப் முடியவில்லை என்றால், எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1 வரும் என்ற கொலாட்ஸ் கருத்துக்கே எதிர் உதாரணம் கிடைத்துவிட்டதோ என்று ஒரு நப்பாசை வரும். இதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் 2⁶⁸ வரை உள்ள ஒவ்வொரு எண்ணும் 1-க்கு வருகிறது என்று 2020-லேயே கணினியில் சரிபார்த்துவிட்டார்கள். நம் எல்லைக்குள் லூப் முடியாமல் சுற்றினால் அது ஓவர்ஃப்ளோ, வேறெதுவும் இல்லை.

இனி வேகம். 10 லட்சத்துக்குக் கீழே ஒரு எண்ணுக்குச் சராசரியாக 130 படி போல ஆகும், ஆக மொத்தம் 13 கோடிப் படிகள். C++-க்கு இது பெரிய வேலையில்லை, பைத்தானுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். குறைக்க எளிய வழி ஒன்று உண்டு. எண்களை 2, 3, 4 என்று ஏறுவரிசையில் எடுங்கள். n-ல் தொடங்கி 1 வரை போக வேண்டாம், n-ஐவிடச் சின்ன எண் வந்தவுடன் நிறுத்துங்கள். அந்தச் சின்ன எண்ணின் படிக்கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது, கூட்டிக்கொண்டால் முடிந்தது.

10-க்குக் கீழே கையால் போட்டுப் பாருங்கள். 5-க்கு 5 படி என்று முன்பே தெரியும். 7-ல் தொடங்கினால் 22, 11, 34, 17, 52, 26, 13, 40, 20, 10, 5 என்று 11 படியில் 5 வருகிறது. 11-ம் 5-ம் சேர்த்து 16. அடுத்து 8-க்கு ஒரே படியில் 4. பிறகு 9: 28, 14, 7 என்று மூன்றே படியில் 7-க்கு இறங்கிவிட்டது, 3-ம் 16-ம் சேர்த்து 19. 10-க்குக் கீழே 9 தான் முதலிடம்.

இரட்டை எண் ஒரே படியில் கீழே வந்துவிடும், ஒற்றை எண்ணுக்குச் சராசரியாக ஒன்பதரைப் படி ஆகும். இரண்டையும் சேர்த்தால் எண்ணுக்கு ஐந்து படி சொச்சம். 13 கோடி, 50 லட்சம் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது.

```cpp
#include <cstdint>
#include <iostream>
#include <vector>

int main() {
    const uint32_t LIMIT = 1000000;
    std::vector<uint16_t> steps(LIMIT, 0);
    uint32_t best = 1;

    for (uint32_t n = 2; n < LIMIT; ++n) {
        uint64_t m = n;
        uint16_t c = 0;
        while (m >= n) {
            m = (m & 1) ? 3 * m + 1 : m / 2;
            ++c;
        }
        steps[n] = c + steps[m];
        if (steps[n] > steps[best]) best = n;
    }
    std::cout << best << " " << steps[best] << "\n";
}
```

இதில் `steps[m]`-ஐத் தொடும்போது m எப்போதும் n-ஐவிடச் சின்னது, ஆகவே அர்ரேக்கு வெளியே கை போகவே போகாது. வழியில் வரும் எண் எல்லாவற்றையும் சேமிக்கப் போகிறவர்கள்தான் 5,000 கோடியைத் தாண்டும் ஒரு எண்ணை இண்டெக்ஸாகக் கொடுத்துச் செக்மென்டேஷன் ஃபால்ட் வாங்குகிறார்கள். `uint16_t` போதும், ஆக மொத்தம் 2 எம்பி.

LIMIT-ஐ 100 ஆக்கினால் 97, 118 வர வேண்டும். 1000-க்கு 871, 178. 10000-க்கு 6171, 261. 100000-க்கு 77031, 350. இவை வந்து 10 லட்சத்துக்கு மட்டும் தவறினால் மறுபடியும் பிட் அளவைப் பாருங்கள். எல்லாவற்றிலும் சரியாக ஒன்று கூடுதலாக வந்தால் அது பிழையில்லை. நீங்கள் படிகளை எண்ணாமல் தொடரில் உள்ள எண்களை எண்ணுகிறீர்கள். 837799-க்கு 524 படி, 525 எண்கள். போட்டித் தளங்களில் எதைக் கேட்கிறார்கள் என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரட்டை எண்களை விட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். 27-க்கு 111 படி என்றால் 54-க்கு 112. 55-க்குக் கீழே தேடினால் ஜெயிப்பது 54 தான். எல்லை 56 ஆனால் 55-க்கும் அதே 112 வரும், அப்போது `>` போட்டால் 54, `>=` போட்டால் 55 என்று விடையே மாறும்.

நம்பி விடக்கூடியவை இரண்டு. எல்லையின் கீழ்ப் பாதியில் உள்ள எண் ஜெயிக்காது, ஏனென்றால் அதன் இரட்டிப்பும் எல்லைக்குள் இருக்கிறது, அதற்கு ஒரு படி கூடுதல். அடுத்து, 2-ஐவிடப் பெரிய எண்ணை மூன்றால் வகுத்து மீதி 2 வந்தால் அதுவும் ஜெயிக்காது. அப்படிப்பட்ட n-க்கு (2n − 1)/3 என்பது n-ஐவிடச் சின்ன ஒற்றை எண், அது இரண்டே படியில் n-க்கு வந்துவிடும். 5-க்கு 3 இருக்கிறது பாருங்கள்: 3, 10, 5.

மேலே உள்ள கோடில் இந்த இரண்டையும் நுழைக்காதீர்கள். சின்ன எண்களின் கணக்கு பெரியவற்றுக்குத் தேவை, தாவிவிட்டால் `steps`-ல் 0 உட்கார்ந்து கூட்டலைக் கெடுக்கும். இவை உதவுவது எல்லை 100 கோடி போலப் போகும்போது. அங்கே முழு அர்ரேக்கு 2 ஜிபி வேண்டும். அதற்குப் பதில் முதல் 10 லட்சத்துக்கு மட்டும் அர்ரே கட்டிக்கொண்டு, 50 கோடியிலிருந்து மேலே, மூன்றால் வகுத்து மீதி 2 வருவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கும்வரை நடத்துங்கள். பார்க்க வேண்டிய எண்கள் சுமார் 33 கோடி. 670617279, 986 படி என்று வந்தால் சரி.