இரவு உணவு எத்தனை மணிக்கு?

"எனது அம்மாவுக்கு 74 வயது. சீனி வருத்தத்துக்குக் காலையிலும் இரவிலும் இன்சுலின் போடுகிறோம். நானும் கணவரும் வேலைக்குச் சென்று மாலையில்தான் திரும்புகிறோம். பகல் பராமரிப்பு நிலையமா, முதியோர் இல்லமா? பார்க்கப் போனால் எதைக் கவனிப்பது?"
– வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

இரவில் நீங்கள் அம்மாவுடன் இருப்பதால் முதலில் பகல் நிலையங்களையே பாருங்கள். இரண்டு ஊசிகளையும் நீங்களே போட்டுவிடலாம். நிலையத்தார் செய்ய வேண்டியது, மதிய உணவை நேரம் தவறாமல் கொடுப்பதும், சீனி குறைந்தால் அதனை உடனே அறிந்துகொள்வதுமாகும். அம்மாவுக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழம்பினால் என்ன செய்வீர்கள் என்று பொறுப்பாளரிடமன்றி, முதியவர்களின் அருகில் நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள். நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் இரத்தத்தைச் சோதிப்போம் என்றும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழைப்போம் என்றும் அவர் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

பின்னர் இல்லமொன்று தேவைப்பட்டால், அங்கே இரவைத்தான் ஆராய வேண்டும். எனது பெரியம்மா இருந்த ஓர் இல்லத்தில் மாலை ஐந்தரைக்கே இரவு உணவு கொடுத்துவிடுவார்கள். அடுத்த உணவு காலை ஏழரைக்குத்தான். ஊசி போட்ட உடம்பு 14 மணித்தியாலங்கள் வெறும் வயிற்றோடு கிடந்ததால், ஒருநாள் விடியற்காலையில் அவர் வியர்வையில் நனைந்து நினைவின்றிக் கிடந்தார். இரவுப் பணியாளர் ஒருவரே இருந்தார். அவரும் வேறு கட்டடத்தில் உறங்கியிருந்தார். சுத்தமான முற்றத்தையும் பூச்சாடிகளையும் பார்த்துத் திருப்தியடைந்த நாங்கள், உணவு நேரத்தைக் கேட்கவே இல்லை என்பது இன்றும் என் மனதை வருத்துகிறது.

ஆகவே ஒருமுறை சொல்லிவிட்டும், மறுமுறை சொல்லாமல் மாலை ஆறு மணியளவிலும் செல்லுங்கள். படுக்கும் முன் பாலோ பிஸ்கட்டோ கொடுக்கிறார்களா, இரவில் விழித்திருப்பவர் யார், அவருக்குக் குளுக்கோமீற்றரைப் பயன்படுத்தத் தெரியுமா என்று கேளுங்கள். மருந்துப் பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். மாலையில் நீங்கள் நிற்கும்போதே இரவு மருந்துக்கும் கையொப்பம் இடப்பட்டிருந்தால், அந்தப் பதிவேட்டை நம்பமுடியாது. கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை நீங்களே நடந்து பாருங்கள். வழியில் வெளிச்சமும், சுவரில் கைபிடியும், ஈரமில்லாத தரையும் இருக்க வேண்டும். படுக்கையிலேயே இருக்கும் ஒருவரின் குதிகாலிலும் இடுப்பிலும் புண் வராமல் எத்தனை மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பதே வழக்கமான அளவு.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்த்த பின்பும், உங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் அந்த இல்லத்தைப் பற்றி ஒருமுறை விசாரியுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியின் பிரதி ஒன்றை, ஊசியின் அளவும் நேரமும் எழுதி, சேர்க்கும் நாளிலேயே கையளித்துவிடுங்கள்.