எம்.டி.யின் குரலில் ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

காரைக்குடியில் ஒரு நிறுவனத்தில் ஏழு மாதமாக எம்.டி.யின் செயலாளராக இருக்கிறேன். கானாடுகாத்தானில் உள்ள அவர்களுடைய பூர்வீக வீட்டை விடுதியாகவும் நடத்துகிறார்கள். ஒரு கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து, மார்கழியில் 60 மாணவர்களை அழைத்து வந்து வீட்டை அளவெடுத்து வரைய அனுமதி கேட்டிருந்தார்கள். எம்.டி. வாட்ஸாப்பில், "அறுபது பேர் முடியாது. தரை போயிரும். பொங்கலுக்கு அப்புறம் இருபது இருபதா வரச் சொல்லு" என்று அனுப்பினார். நயமாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். "நான் இப்படிப் பேசுவேனா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி என்று, அவர் சொன்னதையே அவர் பெயரில் அனுப்பினேன். பேராசிரியர் போன் செய்து, "நாங்க என்ன தரையைப் பெயர்க்கவா வர்றோம்?" என்று வருத்தப்பட்டார். அவர் குரலும் மாறாமல், வெளியாருக்கு மரியாதையும் குறையாமல் எப்படி எழுதுவது?

ம., காரைக்குடி
(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள ம.,

நானும் இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையைப் பார்த்தவள். உங்கள் இரண்டு வரைவுகளும் தவறிய இடம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வாட்ஸாப் செய்தியை நீங்கள் அவருடைய குரல் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது உங்களுக்கு அவர் இட்ட வேலை. ஏழு மாதம் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குப் புரியும் என்பதால் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறார். அதே மனிதர் வெளியூர்க்காரர் ஒருவரிடம் போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள். "வாங்க, எப்ப வந்தீங்க, எங்க தங்கியிருக்கீங்க" என்று விசாரித்துவிட்டுத்தான் முடியாது என்பதையே சொல்வார். நம் ஊரில் திண்ணையில் வந்து உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. அந்த மரியாதை அவரிடமே இருக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து பூச வேண்டியதில்லை.

அதனால் முதல் வேலை, அவரே தன் கையால் வெளியாருக்கு எழுதிய கடிதங்களைத் தேடி எடுப்பது. போன ஒரு வருடத்தில் முப்பது கிடைத்தாலும் போதும். ஊழியர்களுக்கு எழுதியவற்றைச் சேர்க்காதீர்கள். மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். பதிலை எந்த வரியில் சொல்கிறார்? காரணம் சொல்கிறாரா, சொன்னால் எத்தனை? எப்படி முடிக்கிறார்? பத்துக் கடிதம் தாண்டுவதற்குள் ஒரு நடை தெரிந்துவிடும். நான் வேலை பார்த்த இடத்து ஐயா எந்தக் கடிதத்தையும் "உங்கள் இன்ன தேதிக் கடிதம் பார்த்தேன்" என்றுதான் தொடங்குவார். இரண்டாவது வரியில் பதில் வந்துவிடும். காரணம் ஒன்றே ஒன்று. தன் பக்கம் தவறு இருந்தால் ஒழிய "வருந்துகிறோம்" என்று எழுத மாட்டார்.

இதையெல்லாம் அவர் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கணக்கு நோட்டுக்குள் ஒரு கட்டைப் பென்சில் வைத்திருப்பார், என் வரைவுகளில் அதால் கோடு போடுவார். 'தாங்கள்' என்று எழுதினால் 'தா'வை அடித்து 'நீ' போடுவார். 'தயவுசெய்து அனுப்பி வைக்கவும்' என்பது 'அனுப்பித் தந்தால் நல்லது' என்று ஆகும். அடித்த தாள்களை நான் தூக்கிப் போடாமல் திருத்திய கடிதத்தோடு சேர்த்து ஒரு கோப்பில் குத்தி வைத்தேன். இரண்டு மாதத்தில் ஒரே ஏழெட்டுத் திருத்தம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. அவற்றை ஒரு பக்கத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நீங்களும் இதைச் செய்யுங்கள். அவர் திருப்பிக் கொடுத்த அந்த நயமான வரைவு இன்னும் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

'நான்' எங்கே வருகிறது, 'நாங்கள்' எங்கே வருகிறது என்றும் கவனியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் இது பெரிய விஷயம். கம்பெனி காரியத்தில் உங்கள் எம்.டி. 'நான்' என்று முடிவு சொல்லலாம். வீடு பங்காளிகளுக்கும் உரியது என்றால் அதைப் பற்றி 'நான் அனுமதிக்கிறேன்' என்று எழுத மாட்டார், எழுதவும் கூடாது. அங்கே 'நாங்கள்'தான். அவர் பெயரில் நீங்கள் 'நான்' போட்டு, அது ஒரு பங்காளி கண்ணில் பட்டால் பொங்கல் வரைக்கும் வீட்டில் பேச்சாக இருக்கும்.

இனி மரியாதை. இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். தேக்குத் தூண்களைச் சீர் செய்யும் ஆசாரி ஒருவர் வேலை கேட்டு எழுதியிருந்தார். ஐயா "இப்ப இல்லை" என்றார். அப்படியே எழுதக் கை வரவில்லை. "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது, விரைவில் தெரிவிக்கிறோம்" என்று எழுதி, அன்று சேர்ந்திருந்த கடிதங்களோடு கையெழுத்துக்கு வைத்தேன். போட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஆசாரி நேரில் வந்தார். கடிதத்தை நாலாக மடித்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். நம்மை நம்பி வேறு ஓரிடத்து வேலையை விட்டுவிட்டாராம். ஐயா கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் இதைச் சொல்லலை. ஆனா என் கையெழுத்து இருக்கு" என்றார். பிறகு மாடிக் கதவுகள் இரண்டைச் சரிபார்க்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார். மரியாதை என்று நினைத்து நான் எழுதியது ஒரு வாக்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த மண்ணில் இது பழைய விஷயமும்கூட. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்திய மேலாள்கள், ஊரில் இருந்த முதலாளி எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தின் பேரில்தான் கையெழுத்துப் போட்டார்கள். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. அந்த மூன்று வருடமும் மேலாள் போட்ட கையெழுத்துக்கு முதலாளி பொறுப்பு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 237-ஆம் பிரிவு இதையொட்டிப் பேசுகிறது. முகவர் தன் அதிகாரத்தை மீறியிருந்தாலும், அவருக்கு அதிகாரம் உண்டு என்று வெளியார் நம்பும்படி முதலாளி தன் சொல்லாலோ நடத்தையாலோ செய்திருந்தால், அது முதலாளியையே கட்டும். ஆகவே தேதி, தொகை, எண்ணிக்கை, 'செய்து தருகிறோம்' என்ற சொல், இந்த நான்கில் எதையும் அவர் சொல்லாமல் நீங்கள் சேர்க்காதீர்கள். 'முயற்சி செய்கிறோம்', 'ஆவன செய்வோம்' என்பவையும் 'செய்து தருகிறோம்' கணக்கில்தான் வரும்.

அப்படியானால் மரியாதையை எங்கே வைப்பது? எதிரில் இருப்பவருக்குப் பயன்படும் செய்தியில் வையுங்கள். உங்கள் நயமான வரைவை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் 'தவிர்க்க இயலாத காரணங்களால்' இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான் எழுதினேன். எம்.டி. தெளிவாக ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். அதை மறைத்து அந்த இடத்தில் ஒரு பொதுச்சொல்லை வைத்தால் அவர் குரலும் போகிறது, பேராசிரியருக்குத் தெரிய வேண்டியதும் போகிறது. இரண்டாவது கடிதத்தில் காரணம் இருந்தது, ஆனால் பாதிதான். 'தரை போயிரும்' என்று படித்தவர் தன் மாணவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார். தரை ஏன் தாங்காது என்று ஒரு வரி இருந்திருந்தால், கட்டடக்கலை சொல்லித் தருகிறவருக்குச் சட்டென்று புரிந்திருக்கும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை வார்த்து, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பது. அடிப்பூச்சு விட்டுவிட்டால் கல் ஆடும், ஆடினால் ஓரம் உதிரும். உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று விடுதியில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எழுதுமுன் இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும். கல்லூரி அளவெடுக்க அனுமதி கேட்டது. எம்.டி. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை நீங்களாக நிரப்பக் கூடாது. "அளவெடுக்கலாமா? மாடிக்கும் போகலாமா?" என்று ஒரே வரியில் கேளுங்கள். "கீழே எடுக்கட்டும், மாடி வேண்டாம்" என்று பதில் வந்ததாகவும், ஆடுவது முற்றத்தைச் சுற்றிய வளவுத் தரை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது கடிதம் இப்படி இருக்கும்:

"வணக்கம். மாணவர்களை அழைத்து வருவது பற்றிய உங்கள் கடிதம் பார்த்தேன். 60 பேர் ஒரே நேரத்தில் வர இயலாது. வளவில் பழைய ஆத்தங்குடிக் கற்கள் பல இடங்களில் ஆடுகின்றன, கூட்டம் நடந்தால் ஓரம் உதிர்கிறது. பொங்கலுக்குப் பிறகு 20 பேராக மூன்று முறை வாருங்கள். கீழ்க்கட்டுகளில் அளவெடுக்கலாம். மாடிக்கு அனுமதி இல்லை. உங்களுக்கு வசதியான நாட்களை எழுதினால் விடுதியில் சொல்லி வைக்கிறோம்."

எட்டே வரி. அவர் சொன்ன 'முடியாது' மூன்றாவது வரியிலேயே இருக்கிறது, யாரும் அதை மெழுகவில்லை. 'வர இயலாது' என்ற இடத்தில் அவர் பென்சிலை எடுத்து 'முடியாது' என்று போட்டால் போடட்டும், அது அவர் உரிமை. கடைசி வரியில் உள்ள 'சொல்லி வைக்கிறோம்' என்பதும் வாக்குதான். அதற்கும் அவரிடம் ஒரு சரி வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல் பற்றிக் கொஞ்சம். உங்கள் அலுவலகத்தில் அவுட்லுக் என்றால் அவருக்காக அனுப்ப இரண்டு வகை அனுமதி உண்டு. `Send As` கொடுத்திருந்தால் பெறுபவருக்கு அவரே அனுப்பியது போலத் தெரியும். `Send on Behalf` என்றால் அவர் சார்பில் நீங்கள் அனுப்பியது என்று இருவர் பெயரும் தெரியும். அவர் கண்ணால் பார்த்து சரி சொன்ன கடிதம் மட்டும் முதல் வழியில் போகட்டும். வழக்கமான நாள் குறிப்பு, வழி விவரம் எல்லாம் உங்கள் பெயரிலேயே எழுதலாம். அங்கே 'எம்.டி. அவர்கள் சொன்னார்கள்' என்று வரும், 'நான்' என்றால் நீங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்துவிட்டால், முதல் பத்தியில் 'நான்' முடிவு சொல்லி இரண்டாவது பத்தியில் 'எம்.டி. அவர்கள்' நுழைந்துவிட்டால், படிப்பவருக்கு வேறொருவர் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.

பேராசிரியருக்கு இந்தப் புதிய கடிதம் எம்.டி. பெயரில் போகுமுன் நீங்கள் ஒரு போன் செய்யுங்கள். அதில் எம்.டி.யின் குரல் வேண்டாம், உங்கள் குரலில் பேசுங்கள். "மேடம், போன கடிதத்தில் காரணத்தை நான் முழுசா எழுதலை, அது என் தவறு. வளவில் கல் ஆடுது, அதனாலதான். விவரமா ஒரு கடிதம் வருது" என்றால் போதும். எம்.டி. அப்படிச் சொல்லச் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன் பேசியதை அன்று மாலையே எம்.டி.யிடமும் சொல்லிவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு அந்த அம்மா நேரில் வரும்போது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா