தராசு இல்லாமல் கிரியேட்டினை அளப்பது எப்படி?

கேள்வி: தக்கலையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். தினமும் 3 கிராம் கிரியேட்டின் எடுக்க வேண்டும். வாங்கிய 100 கிராம் பாக்கெட்டில் ஸ்கூப் இல்லை, தராசும் இல்லை. ஒரு டீஸ்பூன் என்பது எத்தனை கிராம்?

பதில்: 5 மில்லி டீஸ்பூனைத் தலைதட்டி எடுத்தால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் சுமார் 3 முதல் 4 கிராம் இருக்கும். குவித்து எடுத்தால் 5 கிராமை எட்டிவிடும், தாண்டவும் செய்யும். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறது, எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். வீட்டுக் கரண்டிகளும் எல்லாம் 5 மில்லி கிடையாது. அதனால் பொதுக்கணக்கை நம்புவதைவிட, உங்கள் கரண்டிக்கும் உங்கள் தூளுக்கும் தனிக்கணக்கு எடுத்துக்கொள்வதே சரி.

அதற்குத் தராசு வேண்டாம். பாக்கெட்டில் அச்சிட்ட நிகர எடையே போதும். பிரிக்காத பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்த டப்பா ஒன்றை வைத்து, தினமும் பயன்படுத்தப்போகும் கரண்டியாலேயே தூளை அள்ளி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டு, எண்ணிக்கொண்டே டப்பாவில் போடுங்கள். தூளைக் கரண்டியில் அழுத்தக் கூடாது, பாக்கெட்டின் ஓரத்தில் தட்டவும் கூடாது. இரண்டுமே எடையைக் கூட்டிவிடும். முழுப் பாக்கெட்டையும் எண்ணுவது சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு கரண்டியில் கூடுவதும் அடுத்ததில் குறைவதும் கடைசியில் சரியாகிவிடும் என்பதால், ஒற்றைக் கரண்டியைப் பார்த்து மதிப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

29 கரண்டி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 100ஐ 29ஆல் வகுத்தால் ஒரு கரண்டிக்கு ஏறக்குறைய 3.4 கிராம். உங்களுக்கு வேண்டிய 3 கிராமுக்குத் தலைதட்டிய ஒரு கரண்டியே போதும். அரை கிராம் கூடினாலோ குறைந்தாலோ கவலை இல்லை. தசையில் கிரியேட்டின் வாரக்கணக்கில்தான் நிறைகிறது, ஒரு நாள் அளவு அதைப் பெரிதாக மாற்றாது. பின்னால் 5 கிராம் தேவைப்பட்டால் ஒன்றரைக் கரண்டி. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

அடுத்த முறை ஸ்கூப் உள்ள டப்பா வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கூப்பின் அடியில் 5 மில்லி என்று இருந்தால் அது கொள்ளளவு. 5 கிராம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லேபிளில் ஒரு ஸ்கூப்புக்கு இத்தனை கிராம் என்று தனியாகப் போட்டிருக்கும், அதுதான் கணக்கு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. காற்றின் ஈரத்தில் தூள் கட்டி பிடித்துவிடும். கட்டிகளுக்கிடையே வெற்றிடம் இருப்பதால் கரண்டி நிறைந்தது போலத் தெரிந்தாலும் எடை குறைவாகவே இருக்கும். உலர்ந்த கரண்டியால் கட்டிகளை நசுக்கி உதிர்த்த பிறகு அளந்துகொள்ளுங்கள். வேறு நிறுவனத்தின் தூளுக்கு மாறினால் மறுபடியும் எண்ண வேண்டும்.