ஒரு தாளில் 24 லேபிள்: விலைப்பட்டியலிலிருந்து தானாக நிரப்புவது எப்படி?

கேள்வி: விலைப்பட்டியலை எக்செலில் வைத்திருக்கிறேன். ஏ4 தாளில் 24 லேபிள் வரும் ஸ்டிக்கர் தாளில், வேர்டின் மெயில் மெர்ஜ் மூலம் அச்சிடப் பார்க்கிறேன். தாள் முழுவதும் ஒரே பொருள்தான் வருகிறது. 45.50 என்ற விலை 45.5 ஆகிவிடுகிறது. ஒரு பொருளுக்கு நான்கு லேபிள், இன்னொன்றுக்கு இரண்டு என்று எண்ணிக்கையும் மாற வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதல் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தாமல் விட்ட ஒரு பொத்தான்தான். தாளின் முதல் கட்டத்தில் புலங்களைச் செருகி, எழுத்தின் அளவையும் இடத்தையும் சரிசெய்த பிறகு, `Mailings` பட்டையில் உள்ள `Update Labels` பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் முதல் கட்டத்தின் அமைப்பு மற்ற 23 கட்டங்களுக்கும் நகலாகும். அந்த 23 கட்டங்களின் தொடக்கத்திலும் `«Next Record»` என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ‘அடுத்த வரிசைக்குப் போ’ என்று வேர்டுக்குச் சொல்வது அந்தக் குறிதான். அது இல்லாவிட்டால் வேர்டு ஒரே வரிசையில் நின்றுகொண்டு தாளை நிரப்பிவிடும்.

முதல் கட்டத்தில் மட்டும் அந்தக் குறி இருக்கக் கூடாது. நகலெடுத்து ஒட்டும்போது அங்கேயும் அது வந்துவிட்டால் பட்டியலின் முதல் பொருள் காணாமல் போகும். பிறகு பக்கத்துக்கு ஒன்றாக 26ஆவது, 51ஆவது வரிசைகளும் மறையும். மற்ற லேபிள்கள் எல்லாம் ஒழுங்காக இருப்பதால் இது சட்டென்று கண்ணில் படாது. முதல் கட்டத்தில் எதை மாற்றினாலும், எழுத்துருவை மட்டும் மாற்றினால்கூட, `Update Labels` மறுபடியும் தேவை.

விலையையும் எண்ணிக்கையையும் வேர்டில் சரிசெய்ய முயலாதீர்கள். விலைப் புலத்துக்குள் வடிவக் குறி எழுத முடியும் என்பது உண்மைதான். ஆனால் வேர்டை வெறும் அச்சாக வைத்துக்கொண்டு, லேபிளில் என்ன வர வேண்டுமோ அதை எக்செலிலேயே முழுமையாகத் தயார்செய்வதுதான் என் வழக்கம். தவறு நேர்ந்தால் தேட வேண்டிய இடம் ஒன்றாகிவிடும்.

விலைப்பட்டியல் இருக்கும் தாளுக்கு `Prices` என்று பெயரிடுங்கள். நிரல்கள் இந்த வரிசையில் இருக்கட்டும்: A குறியீடு, B பொருளின் பெயர், C லேபிளில் வர வேண்டிய விலை, D உண்மையான விலை, E எத்தனை லேபிள், F தொடக்க எண். முதல் வரி தலைப்பு. C2, F2, F3 ஆகிய கட்டங்களில் முறையே இவற்றை எழுதுங்கள்:

```
="விலை: "&TEXT(D2,"0.00")
1
=F2+E2
```

எக்செல் திரையில் 45.50 என்று தெரிந்தாலும் உள்ளே இருக்கும் எண் 45.5 மட்டுமே. வேர்டு அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறது, திரையில் தெரியும் அலங்காரத்தை அல்ல. C நிரலில் விலை எழுத்தாகவே மாறிவிடுவதால் இரண்டு தசம இடங்களும் அப்படியே போய்ச் சேரும். குறியீடு 00417 போலச் சுழியத்தில் தொடங்கினால், தட்டச்சு செய்யும் முன்பே A நிரலின் வடிவத்தை `Text` ஆக்கிவிடுங்கள்.

C2ஐப் பட்டியலின் கடைசிப் பொருள் வரை இழுங்கள். F3ஐ அதற்கும் கீழே ஒரு வரி கூடுதலாக இழுங்கள். அந்தக் கூடுதல் வரியில் பொருள் எதுவும் இருக்காது, தொடக்க எண் மட்டும் இருக்கும். அதன் வேலை பட்டியல் அங்கே முடிகிறது என்று காட்டுவது.

மூன்று பொருள்கள், முறையே 4, 2, 6 லேபிள்கள் என்று வைத்துக்கொள்வோம். F நிரலில் 1, 5, 7 என்று வரும், கூடுதல் வரியில் 13. முதல் பொருளின் லேபிள்கள் 1இல் தொடங்குகின்றன, இரண்டாவது பொருளுடையவை 5இல், மூன்றாவதுடையவை 7இல். 13இலிருந்து வெற்றிடம்.

இப்போது `Labels` என்று இன்னொரு தாள் திறந்து, முதல் வரியில் `Code`, `Item`, `Label` என்று தலைப்பிடுங்கள். A2இல் இதை எழுதி, C வரை வலப்பக்கமும், பிறகு 24 அல்லது 48 வரிகள் கீழேயும் இழுங்கள்:

```
=IFERROR(INDEX(Prices!A$2:A$200,
 MATCH(ROW()-1,Prices!$F$2:$F$200,1))&"","")
```

ஐந்தாவது லேபிளுக்கு வரும்போது, 5ஐத் தாண்டாத தொடக்க எண்களில் கடைசியானதை `MATCH` தேடுகிறது. இரண்டாவது பொருள் கிடைக்கிறது. ஆறாவதற்கும் அதே பொருள், ஏழாவதற்கு மூன்றாவது பொருள். ஒரு பொருளுக்கு E நிரலில் 0 போட்டால் அது தாண்டப்பட்டுவிடும், பட்டியலிலிருந்து அழிக்க வேண்டியதில்லை. ‘விலை:’ என்ற சொல்லை வேர்டில் எழுதாமல் சூத்திரத்துக்குள் வைத்ததற்கும் காரணம் உண்டு. வேர்டில் எழுதியிருந்தால் வெற்று லேபிள்களிலும் அது அச்சாகி நிற்கும்.

கோப்பைச் சேமித்து மூடிவிட்டு, வேர்டில் `Select Recipients` வழியாக `Labels` தாளைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்காத மாற்றம் வேர்டுக்குத் தெரியாது. `Finish & Merge` பொத்தானில் `Edit Individual Documents` தேர்ந்தெடுத்து, `From` 1 `To` 24 என்று கொடுத்தால் பின்னால் வெற்றுப் பக்கம் வராது. நேரடியாக அச்சுக்கு அனுப்பாமல் முதலில் இப்படி ஆவணமாக்கிப் படித்துப் பாருங்கள்.

அச்சு கோட்டுக்குள் விழுவது தனிக் கதை. உங்கள் தாளின் அளவு வேர்டின் பட்டியலில் இல்லையென்றால் `New Label` வழியாக நீங்களே கொடுக்கலாம். லேபிள் 63.5 மி.மீ. அகலம், 33.9 மி.மீ. உயரம், பக்கவாட்டு இடைவெளி 2.5 மி.மீ., மேலும் கீழும் இடைவெளி இல்லை என்றால், `Horizontal pitch` 66 மி.மீ., `Vertical pitch` 33.9 மி.மீ. ஒரு லேபிளின் விளிம்பிலிருந்து அடுத்த லேபிளின் அதே விளிம்பு வரை உள்ள தூரம்தான் இது. லேபிளின் அகலத்தையே இங்கும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. தாளின் நடுவில் லேபிள்கள் அமைந்திருந்தால் மேல் ஓரம் 12.9, பக்க ஓரம் 7.25 மி.மீ. வரும். ஆனாலும் அளவுகோல் வைத்து ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

முதல் அச்சைச் சாதாரணத் தாளில் எடுத்து, ஸ்டிக்கர் தாளின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எல்லா லேபிளும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் ஓர அளவில் பிழை. கீழே போகப் போக விலகல் கூடினால் `Vertical pitch` தவறு. நடு வரிசை சரியாக இருந்து, மேல் வரிசை கீழ்நோக்கியும் கீழ் வரிசை மேல்நோக்கியும் இழுபட்டிருந்தால், அச்சுப்பொறி பக்கத்தைச் சுருக்குகிறது. அச்சு அமைப்பில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை விடுத்து 100 சதவீதம் வையுங்கள். இந்தச் சுருக்கம் புரியாமல் ஓர அளவையே மாற்றி மாற்றி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியவன் நான்.

மிச்சமான தாளைப் பயன்படுத்த F2ஐ மாற்றினால் போதும். ஐந்து லேபிள்கள் ஏற்கெனவே உரிக்கப்பட்டிருந்தால் 1க்குப் பதில் 6 எழுதுங்கள், முதல் ஐந்து கட்டங்கள் காலியாகிவிடும். உங்களுடையது லேசர் அச்சுப்பொறி என்றால் இந்த வசதியை மறந்துவிடுங்கள். உரித்த இடத்துக்குப் பக்கத்து லேபிள் சூட்டில் கழன்று உள்ளே உருளையில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.